தலைக்கட்டுக்கு எவ்வளவு?

மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனிப் பொங்கல் சாட்டுவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடும். கோயில் வாசலில் சமுக்காளம் விரித்து, பொருளாளர் பழைய கணக்கு நோட்டைப் பிரித்ததும் முதலில் எழுகிற கேள்வி இதுதான்: "தலைக்கட்டுக்கு எவ்வளவு?" கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் அப்பாவுக்கு ஒரு வரி, கல்யாணமான மகனுக்கு ஒரு வரி என்பது பல ஊர்களில் வழக்கம். செட்டிநாட்டில் இதையே புள்ளி என்பார்கள்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறார்கள். மொத்தச் செலவைத் தோராயமாகக் கூட்டி, நன்கொடை வரும் என்று கொஞ்சம் கழித்து, மீதியைத் தலைக்கட்டு எண்ணிக்கையால் வகுத்து, சில்லறையைத் தள்ளிவிட்டு ஒரு முழுத்தொகையை அறிவிப்பார்கள். திருவிழா முடிந்து பந்தல்காரரும் சமையல் மாஸ்டரும் பாக்கிக்கு வந்து நிற்கும்போதுதான் பணம் போதவில்லை என்று தெரியும். அந்தக் குறையைப் பொருளாளர் கைக்காசிலிருந்து போட்டு அடைப்பார், இல்லையென்றால் வட்டிக்கு வாங்கி அடைப்பார். அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு ஆள் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

இதில் யாரும் பணத்தை எடுத்துக்கொள்வதில்லை. தவறு வகுத்தலில் இருக்கிறது. மண்டபத்துக்கு நாள் கணக்கில் வாடகை, சாப்பாட்டுக்கு இலை கணக்கில் செலவு, வரியோ தலைக்கட்டுக் கணக்கில் வருகிறது. மூன்றுக்கும் மூன்று அளவு. இவற்றை ஒரே எண்ணால் வகுத்தால் விடை பொய்யாகத்தான் வரும். பொருளாளர் எழுதுகிற குறிப்பு இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வரி நோட்டில் 160 பேர். கோயில் சின்னது, பந்தி போட இடமில்லை என்பதால் அன்னதானம் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் நடக்கிறது. மேளம், பூசை, கலைநிகழ்ச்சி மூன்றும் மண்டகப்படிக்காரர் பொறுப்பு. அவற்றுக்கு வேறு தாள் போட்டுக்கொள்ளலாம். ஊர் வரியில் நடக்க வேண்டியவை மண்டபம், அலங்காரம், சாப்பாடு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் போக்கு மாறாது.

மண்டபத்தில் சிக்கல் குறைவு. பந்தி ஒரு நாள்தான் என்றாலும் முதல் நாள் சாயங்காலமே காய் வந்து இறங்கும். இரவில் பெண்கள் கூடி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், காய் நறுக்குவார்கள். அதனால் இரண்டு நாள் வாடகை 12,000 ரூபாய். மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் 4,000, கூட்டிக் கழுவிவிட 2,000. ஆக 18,000. தனியார் மண்டபமாக இருந்து, அவர்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களாகவும் இருந்தால் வாடகையின் மேல் 18 விழுக்காடு சேரும். விலை பேசும்போதே "வரி உட்படவா, தனியா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முன்பணமாக 5,000 கேட்பார்கள். அது திரும்பி வரும் பணம், செலவில் சேராது. ஆனால் அந்த வாரத்தில் கையில் இருந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிறகு பார்ப்போம்.

அலங்காரம்தான் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிற செலவு. கோயில் முன்பந்தல் 14,000. மூன்று நாளைக்கு மைக்செட்டும் சீரியல் லைட்டும் 22,000. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு 4,000. தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போட்டுவிட்டால் இந்த நாலாயிரம் மிச்சம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி திருட்டு. அதைவிட, ஈரப் பந்தல்காலில் கை வைக்கிற குழந்தையின் உயிர் அந்த நாலாயிரத்தில் இருக்கிறது. அம்மனுக்கும் சப்பரத்துக்கும் பூ 15,000. வாழைமரம், தோரணம், மாவிலை 3,000. ஆக மொத்தம் 58,000 ரூபாய்.

சாப்பாட்டுக்குத்தான் பொறுமையாக உட்கார வேண்டும். 160 தலைக்கட்டை நாலால் பெருக்கினால் 640 இலை என்று போட்டுவிடுவார்கள். சாப்பிட வருகிறவர்களும் வரி கொடுக்கிறவர்களும் ஒரே கூட்டமல்ல. 160 பேரில் 110 பேர் ஊரோடு இருக்கிறார்கள். வீட்டுக்குச் சராசரியாக நாலு பேர் என்றால் 440. மீதி 50 குடும்பங்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கின்றன. வரியை அனுப்பிவிடுவார்கள், நேரில் வருவது 30 குடும்பம்தான் என்றால் 120. இதோடு நோட்டில் பெயரே இல்லாத ஒரு கூட்டம் உண்டு. இந்த ஊரில் பிறந்து வெளியூரில் வாக்கப்பட்ட பெண்கள். பிறந்த ஊரில் அவர்களுக்கு வரி கிடையாது. ஆனால் பொங்கலுக்குப் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். அவர்கள் வராவிட்டால் திருவிழாவே இல்லை. 40 குடும்பம் என்று வைத்தால் 160 பேர். மேளக்காரர், பந்தல் வேலையாட்கள், பூசாரி வீட்டார் என்று இன்னும் 40. கூட்டினால் 760. சமையல் மாஸ்டர் 800 இலைக்குச் சமைக்கச் சொல்வார், அது சரிதான்.

எண்ணூறு இலைக்கு எவ்வளவு சாமான்? சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் என்ற சாதாரண விருந்துக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும். அப்படியானால் 100 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் நான்கு. கிலோ 60 என்றால் 6,000 ரூபாய். நூறு பேருக்கு மூன்று கிலோ வீதம் துவரம்பருப்பு 24 கிலோ, கிலோ 150 வீதம் 3,600. நூறு பேருக்குப் பதினைந்து கிலோ காய் என்றால் 120 கிலோ, கிலோ 45 வீதம் 5,400. எண்ணெய் 3,000, பாயசச் சாமான் 4,500, தயிர் 2,500, மற்ற மளிகை 6,000, அப்பளமும் ஊறுகாயும் 2,500, வாழை இலை 3,500, குடிதண்ணீர் 3,000. கூட்டிப் பார்த்தால் 40,000 வருகிறது. இலைக்கு 50 ரூபாய்.

இதற்கு மேல் சமையல் மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும் கூலி 14,000, பாத்திர வாடகை 4,000, கேஸ் 6,000 ஆக 24,000. கேஸ் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டரை இப்படிப்பட்ட சமையலுக்கு வைக்க அனுமதி இல்லை. இந்த 24,000 ரூபாய், நூறு இலை குறைந்தாலும் கூடினாலும் பெரிதாக மாறாது. அண்டாவும் அடுப்பும் ஆட்களும் வந்தாக வேண்டும்.

சாப்பாட்டின் மொத்தம் 64,000. எண்ணூறால் வகுத்தால் இலைக்கு 80 ரூபாய். இந்த 80ஐ வைத்துக்கொண்டுதான் கூட்டத்தில் தவறான முடிவு எடுப்பார்கள். "நூறு பேரைக் குறைத்தால் எட்டாயிரம் மிச்சம்" என்பார் ஒருவர். அது மிஞ்சாது. நூறு இலைக்கான சாமான் மட்டும் குறையும், அதாவது 5,000. அதேபோல எதிர்பார்க்காமல் நூறு பேர் கூடுதலாக வந்துவிட்டாலும் 5,000தான் ஏறும், அதற்காகப் பயந்து பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாற வேண்டியதில்லை.

மூன்றையும் கூட்டினால் 18,000, 58,000, 64,000. ஆக 1,40,000. காய் விலை திடீரென்று ஏறும், ஜெனரேட்டர் கூடுதல் நேரம் ஓடும். அதற்காக 10,000 ஒதுக்கி 1,50,000 என்று வைக்க வேண்டும்.

எதைக் கழிக்கலாம்? கைக்கு வந்ததை மட்டும்தான். போன ஆண்டு மீதி 9,000 கோயில் கணக்கில் இருக்கிறது, கழிக்கலாம். ஒரு குடும்பம் நாலு சிப்பம் அரிசியைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது, அந்த 6,000ஐக் கழிக்கலாம். கூட்டத்தில் எழுந்து "பூ அலங்காரம் என் உபயம்" என்றும் "பத்தாயிரம் தருகிறேன்" என்றும் சொன்னவர்கள் சேர்ந்து 25,000 வருகிறது என்றால் அதைக் கழிக்கக் கூடாது. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பூக்காரருக்கு ஆர்டர் கொடுத்தது யார், முன்பணம் கட்டியது யார் என்று கேட்டால், பெரும்பாலும் கமிட்டியாகத்தான் இருக்கும். உபயதாரர் தாமே கடையில் முன்பணம் கட்டி ரசீதைக் காட்டிய அன்று அந்த வரியை நோட்டில் செலவுப் பக்கத்திலிருந்து அடித்துக்கொள்ளலாம். இப்படிக் கழித்தபின் வரியில் திரட்ட வேண்டியது 1,35,000 ரூபாய்.

இனி வகுக்க வேண்டிய எண். நோட்டில் 160 பெயர். அதில் 12 பேர் கணவனை இழந்தவர்களும் தனியாக இருக்கும் முதியவர்களும், அவர்களுக்கு அரை வரி. 148 முழு வரி, 12 அரை வரி சேர்ந்தால் 154 முழு வரிக்குச் சமம். அந்த 154ம் திருவிழாவுக்குள் வருமா என்பதை யூகிக்க வேண்டியதில்லை, பழைய நோட்டே சொல்லும். காப்புக் கட்டிய நாளிலிருந்து கடைசி நாள்வரை எத்தனை வரி வந்தது என்று கடந்த மூன்று ஆண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் ஓர் அளவு கிடைக்கும். இந்த ஊரில் பத்துக்கு ஒன்பது வருகிறது என்று வைப்போம். 154ல் அது 138.

1,35,000ஐ 138ஆல் வகுத்தால் 978. முழு வரி 1,000, அரை வரி 500 என்று அறிவிக்கலாம். பிந்தி வரும் 16 வரியும் பிறகு சேர்ந்தால் அது அடுத்த ஆண்டுக்கு இருப்பு.

பழைய வழியில் போட்டிருந்தால்? 1,40,000ல் சொல்லிய நன்கொடை 25,000ஐக் கழித்து, 1,15,000ஐ 160ஆல் வகுத்து 718, சரி எழுநூறு என்று முடித்திருப்பார்கள். 138 வரிக்கு 96,600 ரூபாய்தான் வரும். சொன்ன நன்கொடை ஒரு ரூபாய் குறையாமல் வந்தாலும் 18,400 துண்டு விழும். நன்கொடையிலும் பாதி நின்றுபோனால் துண்டு 30,000ஐத் தாண்டும். பொருளாளர் வீட்டு நகை அடகுக்குப் போவது இப்படித்தான்.

கூட்டத்தில் ஆயிரம் என்றதும் சலசலப்பு வரும். "போன வருசம் எழுநூறுதான மாமா, இப்ப ஒரேயடியா முந்நூறு ஏத்துனா எப்படி?" என்று இளவட்டம் ஒருவர் கேட்பார். அப்போது பொருளாளர் தாளை வாசித்தால் போதும்: "மாப்ள, மண்டபத்துக்கு உன் பங்கு நூத்தி முப்பது. பந்தலு, லைட்டு, பூவுக்கு நானூத்தி இருவது. சாப்பாட்டுக்கு நானூத்தி அறுவத்தி நாலு. மேக்கொண்டு வர்ற செலவுக்கு எழுவத்தி ரெண்டு. பழைய இருப்பும் அரிசியும் நூத்தி ஒம்பது ரூவாயக் கொறைச்சிருக்கு. எதக் கொறைக்கணும்னு நீயே சொல்லு."

அப்படி வாசிக்கும்போது ஊரார் முதல்முறையாக ஒன்றைக் கவனிப்பார்கள். அலங்காரத்தின் பங்கும் சாப்பாட்டின் பங்கும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கின்றன. குறைக்கலாம் என்ற பேச்சு வந்தால் எல்லா ஊரிலும் முதலில் கை வைப்பது பாயசத்தில்தான். அது எனக்கு ஏற்புடையதல்ல. இந்தக் கணக்கில் மைக்செட்டையும் சீரியலையும் மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாக்கினால் 6,000 குறைகிறது, பந்தலைக் கோயில் வாசலோடு நிறுத்திக்கொண்டால் 5,000 குறைகிறது. 1,35,000 ரூபாய் 1,24,000 ஆகிறது. 138 தலைக்கட்டுக்கு 900 வீதம் வாங்கினால் 1,24,200. இலையில் ஒரு பதார்த்தம்கூடக் குறையாமல் வரி நூறு ரூபாய் இறங்கிவிடுகிறது. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த நூறு ரூபாய் பெரிது.

தலைக்கட்டு வரியில் ஒரு கடுமை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. பத்து ஏக்கர்க்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே தொகை. விருதுநகர் போன்ற ஊர்களில் நாடார் உறவின்முறைகள் வாங்கிய மகமை வேறு வகை. அது வியாபாரத்தின் அளவைப் பொறுத்தது, கூட விற்றவர் கூடக் கொடுத்தார். அப்படியிருந்தும் கிராமங்கள் சம வரியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், சம வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் சம பேச்சு என்பதுதான். அதனாலேயே வரி நோட்டில் பெயர் இருப்பது பணத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு குடும்பத்திடம் வரி வாங்க மறுப்பது அவர்களை ஊரை விட்டு ஒதுக்குவதற்குச் சமம். பகையையோ சாதியையோ காரணம் காட்டி எந்தப் பெயரையும் அடிக்கப் பொருளாளருக்கும் கமிட்டிக்கும் உரிமை இல்லை. வசதியுள்ளவர்கள் கூடுதலாகக் கொடுக்க உபயம் என்ற வழி இருக்கிறது, இல்லாதவருக்கு அரை வரி இருக்கிறது. இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

தொகை சரியாக வந்தாலும் நாள் தப்பினால் கணக்கு கவிழும். கூட வாடகை 12,000, முன்பணம் 5,000, பந்தலுக்கும் செட்டுக்கும் 15,000, சமையல் மாஸ்டருக்கு 3,000 ஆக 35,000 ரூபாய், காப்புக் கட்டுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். கையில் இருப்பதோ 9,000. மீதி 26,000க்கு முதல் வாரத்திலேயே 26 வீட்டு வரி வந்தாக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் கடைசி வாரம்தான் கொடுப்பார்கள். ஆகையால் வெளியூரில் மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தகவல் போக வேண்டும். அவர்கள் போனில் அனுப்புகிற பணம் கோயில் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் ஒரு வரி விழுந்தாலும் அது பிறகு சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். அறநிலையத்துறையின்கீழ் உள்ள கோயிலென்றால் செயல் அலுவலரைக் கேட்காமல் கோயில் பெயரில் வசூலில் இறங்கக் கூடாது.

ஒவ்வொரு இரவும் மூன்று எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும்: ரசீதுப் புத்தக அடிக்கட்டையின் கூட்டல், வரி நோட்டில் டிக் அடித்த பெயர்களின் கூட்டல், கைப்பணமும் வங்கிப் பணமும் செலவான சீட்டுகளும் சேர்ந்த கூட்டல். அன்றைக்கே பார்த்தால் ஐந்நூறு ரூபாய் எங்கே விட்டுப்போயிற்று என்று ஞாபகம் வரும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சண்டைதான் வரும். பொருளாக வந்த உபயத்தையும் விலை போட்டு வரவிலும் எழுத வேண்டும், செலவிலும் எழுத வேண்டும். அரிசியை எங்கும் எழுதாமல் விட்டால், அடுத்த ஆண்டு உபயதாரர் இல்லாதபோது சாப்பாட்டுச் செலவு திடீரென்று 6,000 கூடியதாகத் தோன்றும், பொருளாளர் பதில் சொல்ல வேண்டிவரும்.

கூட்டத்தில் ஒட்டவேண்டிய குறிப்பு இவ்வளவுதான்:

மண்டபம் 18,000
அலங்காரம் 58,000
சாப்பாடு, 800 இலை 64,000
எதிர்பாராச் செலவு 10,000
கழிவு: பழைய இருப்பு 9,000, அரிசி உபயம் 6,000
வரியில் திரட்ட வேண்டியது 1,35,000
நம்பத்தக்க வரி 138, முழு வரி 1,000, அரை வரி 500

திருவிழா முடிந்து எட்டாம் நாளுக்குள் இதே வரிசையில், பக்கத்தில் உண்மையாக ஆன செலவை எழுதி ஊர் முன் வாசிக்க வேண்டும். அந்தத் தாளில் பலரும் எழுத மறக்கிற எண் ஒன்று உண்டு. பந்திக்கு வாங்கியது 850 இலை, கடைசிப் பந்தி முடிந்தபின் கட்டில் மிஞ்சியது 70 என்றால், சாப்பிட்டவர்கள் 780 பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எந்த ஆள் கணக்கும் அதைவிடச் சரியாக இராது. இந்த ஆண்டு உங்கள் ஊரில் பொருளாளராக இருப்பவர் யாராயினும், கடைசிப் பந்தி எழுந்ததும் மிஞ்சிய இலையை எண்ணச் சொல்லி, அந்த எண்ணை நோட்டில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.